சந்தனத்துக்கு யார் உறவு?

ஜவ்வாது மலை என்றதும் சந்தனம் நினைவுக்கு வரும். திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு இருப்பதற்கு இந்த மலைக் காடுகள்தான் காரணம். அப்படிப்பட்ட மரத்துக்குத் தாவர உலகில் நெருங்கிய உறவு எது என்று கேட்டால், பெரும்பாலோர் செம்மரத்தைச் சொல்வார்கள். செஞ்சந்தனம் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. இரண்டும் விலையுயர்ந்தவை, இரண்டிலும் வைரம் பாய்ந்த நடுக்கட்டைக்குத்தான் மதிப்பு. தாவரவியலாளர்கள் சொல்லும் விடை வேறு. ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு மாமரத்துக் கிளையில் ஒட்டிக்கொண்டு, அந்த மரத்தையே உறிஞ்சி வாழும் புல்லுருவிதான் சந்தனத்தின் உறவு. அதிலும் எல்லாப் புல்லுருவியும் ஒரே தூரத்து உறவல்ல.

இந்த விடைக்கு எப்படி வந்தார்கள் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். எட்டுத் தாவரங்களை எடுத்துக்கொள்வோம்: சந்தனம், செம்மரம், சாமை, வேலியில் படரும் கொத்தான், அதே போலப் படரும் மஞ்சள் நிற அம்மையார் கூந்தல், புதர்க்காடுகளில் வளரும் கடல்ராஞ்சி, நீண்ட குழல் பூ பூக்கும் பெரிய புல்லுருவி, பூ இருப்பதே கண்ணுக்குத் தெரியாத விஸ்கம் என்னும் இன்னொரு புல்லுருவி. இவற்றை அடுக்குச் சம்படம் போல ஒன்றுக்குள் ஒன்றாக அடக்க வேண்டும். விதி ஒன்றுதான். இரண்டு கூட்டங்களை எடுத்தால், ஒன்று மற்றொன்றுக்குள் முழுதாக அடங்க வேண்டும், அல்லது இரண்டும் முழுதாகத் தனித்து நிற்க வேண்டும். பாதி உள்ளே, பாதி வெளியே என்று வந்தால், கூட்டம் சேர்க்க நாம் பயன்படுத்திய பண்புகளில் ஏதோ ஒன்று நம்மை ஏமாற்றுகிறது.

மேல்மட்டப் பிரிவுகளில் சிக்கல் குறைவு. மழைக்காலத்தில் மலைப்பாறைகளில் பச்சைப் படலமாகப் படியும் பாசித்தாவரங்களுக்கு நீர் கடத்தும் மரக்குழாய்கள் கிடையாது. ஓடைக்கரைப் பெரணிகளுக்கு அவை உண்டு, ஆனால் விதை இல்லை. பைன், சைகஸ் போன்றவற்றுக்கு விதை உண்டு, அந்த விதையைப் பொதியும் கனி இல்லை. நம் எட்டுக்கும் குழாய், விதை, பூ, கனி எல்லாம் உண்டு. ஒவ்வொரு பண்பும் முந்தைய பண்பு உள்ள கூட்டத்துக்குள்ளேயே புதிதாகத் தோன்றியிருக்கிறது. அதனால் பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று பிசகாமல் அமர்கின்றன.

சிக்கல் அடுத்த படியில்தான் தொடங்குகிறது. ஒருவித்திலை, இருவித்திலை என்ற பிரிவைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். சாமை முளைக்கும்போது ஒரு வித்திலை. சந்தனத்துக்கும் செம்மரத்துக்கும் இரண்டு. ஒரு வித்திலை என்பது புதிதாகத் தோன்றிய பண்பு. அதோடு இணைநரம்பு இலை, மூன்று மூன்றாக அமையும் பூவுறுப்பு முதலிய பிற பண்புகளும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. எனவே மூங்கில், மஞ்சள், சாமை மூன்றும் ஒரு பெட்டியில் உறுதியாக நிற்கின்றன. ஆனால் இரண்டு வித்திலை என்பது பூக்கும் தாவரங்களின் பொது மூதாதைக்கே இருந்த பழைய நிலை. பழைய சொத்தை வைத்திருப்பதாலேயே இருவர் நெருங்கிய உறவாகிவிட மாட்டார்கள். அதை இழக்காதவர் எவரிடமும் அது இருக்கும். இந்தக் காரணத்தால் ‘இருவித்திலைத் தாவரங்கள்’ என்ற பழைய பெரும்பிரிவை இன்று ஒரே கூட்டமாக யாரும் கொள்வதில்லை.

அதன் இடத்தில் வந்திருப்பது மகரந்தத்தூள். நுண்ணோக்கியில் பார்த்தால் சந்தனம், செம்மரம், புல்லுருவி ஆகியவற்றின் துகள்கள் மூன்று பள்ளங்கள் கொண்ட அமைப்பைச் சேர்ந்தவை. இது இருவித்திலைகளில் மிகப் பெரும் பகுதிக்குப் புதிதாக வாய்த்த பண்பு. மிளகு, செண்பகம், இலவங்கம் ஆகியவற்றுக்கு வித்திலை இரண்டு இருந்தும் இந்த மூன்று பள்ளம் இல்லை. அவை இந்தப் பெட்டிக்கு வெளியே நிற்கின்றன. நம் எட்டில் சாமையோடு கொத்தானும் வெளியே போய்விடுகிறது. கொத்தான் ஏன் போகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கொத்தானையும் அம்மையார் கூந்தலையும் அருகருகே வைத்தால் பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் இலையில்லாத நூல்போன்ற கொடிகள். இரண்டும் பிற செடிகளைச் சுற்றிக்கொண்டு உறிஞ்சு உறுப்புகளால் துளைத்துச் சாறெடுக்கின்றன. இரண்டுக்கும் தரையோடு நிலையான வேர்த் தொடர்பு கிடையாது. ‘ஒட்டுண்ணிகள்’ என்று ஒரு பெட்டி செய்தால் முதலில் விழுவது இந்த இரண்டும்தான். கூடவே சந்தனமும் புல்லுருவிகளும் விழும். வயலில் சோளத்தைக் கெடுக்கும் சுடுமல்லியும் விழும். பார்வைக்கு ஒழுங்கான பெட்டிதான். பூவைத் திறந்தவுடன் அது உடைந்துவிடுகிறது.

அம்மையார் கூந்தலின் பூ சிறு மணி. அல்லி இதழ்கள் ஐந்தும் இணைந்திருக்கும், மகரந்தத்தாள் ஐந்து, சூலகம் இரண்டு அறை, மொத்தம் நான்கு சூல். பூவில் இது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் குடும்பம். கொத்தானின் பூவில் உறுப்புகள் மூன்று மூன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதன் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிக்காமல், சிறு கதவு மேலே தூக்கித் திறப்பதுபோலத் திறக்கும். இப்படித் திறக்கும் மகரந்தப்பையும் மும்மூன்று அடுக்கும் சேர்ந்திருப்பது இலவங்கக் குடும்பத்தின் அடையாளம். ஒட்டுண்ணி வாழ்வு ஒரு பண்பு. பூவின் அமைப்போ ஒன்றையொன்று சாராத பல பண்புகளின் கட்டு. உறிஞ்சி வாழ்வதற்கு மகரந்தப்பை கதவுபோலத் திறக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. தேவையில்லாத இடத்தில் காணப்படும் ஒற்றுமைதான் பரம்பரைக்கு நல்ல சாட்சி. தேவையால் வந்த ஒற்றுமை பல குடும்பங்களில் தனித்தனியே வந்துவிடும். பூக்கும் தாவரங்களில் ஒட்டுண்ணி வாழ்வு 12 முறை தனித்தனியாகத் தோன்றியிருப்பதாக இன்று கணக்கிடுகிறார்கள்.

அம்மையார் கூந்தலிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதன் விதைக்குள் இருக்கும் கரு சுருண்ட நூல்போல இருக்கும். வித்திலை ஒன்றுகூட இல்லை. வித்திலையை எண்ணித்தான் இடம் ஒதுக்குவோம் என்று பிடிவாதம் பிடித்தால் அதற்கு எங்கும் இடமில்லாமல் போகும். இழப்பு எங்கு வேண்டுமானாலும் நேரலாம். எனவே ‘இல்லை’ என்பதை மட்டும் வைத்துக் கூட்டம் சேர்ப்பது ஆபத்தானது. இந்த ஆபத்தில்தான் சந்தனமும் நீண்டகாலம் சிக்கிக் கிடந்தது.

அதற்கு முன் செம்மரத்தை வழியனுப்பிவிடலாம். மூன்று சிற்றிலை கொண்ட கூட்டிலை, அவரைப்பூ போல வடிவான மஞ்சள் பூ, சுற்றிலும் இறகு வைத்த தட்டையான காய். அது பயறுக் குடும்பம், வேங்கையின் உடன்பிறப்பு. சந்தனத்துக்கோ எதிரெதிராக அமைந்த தனி இலை, பழுத்தால் கறுக்கும் சிறு சதைக்கனி. செம்மரக் கட்டையின் சிவப்பு ஒரு சாயப்பொருள். சந்தனத்தின் மணமோ எண்ணெயில் இருக்கிறது. கட்டையின் விலையைத் தவிர இரண்டுக்கும் பொதுவாக அதிகம் இல்லை.

இனி சந்தனப் பூ. மிகச் சிறியது, மணமில்லாதது. இளம்பச்சையாகத் திறந்து, போகப்போகக் கருஞ்சிவப்பாக மாறும். நான்கு மடல்கள் ஒரே ஒரு வட்டமாக இருக்கும். ஒவ்வொரு மடலுக்கும் நேர் எதிரே ஒரு மகரந்தத்தாள். தாள்களுக்கு இடையிடையே நான்கு சுரப்பிகள். நான்கு தாளும் நான்கு சுரப்பியும் சேர்ந்து முதல் பார்வைக்கு எட்டு என்று எண்ணத் தோன்றும். லின்னேயஸ் 1753-இல் சந்தனத்தை எட்டு மகரந்தத்தாள் கொண்ட வகுப்பில் வைத்தார். தாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு வகுப்பு பிரிக்கும் அவருடைய முறையில், ஓர் உறுப்பைத் தவறாக எண்ணினால் மரம் முழுதாக வேறு வகுப்புக்கு இடம்பெயர்ந்துவிடும்.

பெந்தமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட வகைப்பாடு ஒற்றைப் பண்பை நம்பாமல் பல பண்புகளைச் சேர்த்துப் பார்த்தது. அதைப் பின்பற்றித்தான் கேம்பிள் சென்னை மாகாணத் தாவரங்களின் பெருநூலை 1915-இல் தொடங்கினார். ஜவ்வாது மலைக் காடுகளும் அந்த மாகாணத்துக்குள் அடங்கியவை. ஆனாலும் இருவித்திலைகளைப் பெரிதாகப் பிரிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது இதழ்தான். இதழ்கள் தனித்தனியாக உள்ளவை, இணைந்தவை, அல்லி புல்லி என்று பிரியாமல் ஒரே வட்டம் உள்ளவை என்று மூன்று பெரும்பிரிவுகள். சந்தனத்துக்கு ஒரே வட்டம், ஆகவே மூன்றாவது பிரிவு. கடல்ராஞ்சிக்குப் புல்லியும் அல்லியும் உண்டு, ஆகவே அது முதல் பிரிவு. இரண்டும் நூலின் இரு கோடிகளுக்குப் போய்விட்டன.

மூன்றாவது பிரிவு ‘இல்லை’யை வைத்துச் செய்த பெட்டி. சந்தனத்தின் நான்கு மடல்களும் புல்லியா அல்லியா? வழக்கமான பூவில் மகரந்தத்தாள் ஒரே வட்டமாக இருந்தால், அவை அல்லிகளுக்கு இடையில், அதாவது புல்லிகளுக்கு எதிரே நிற்கும். சந்தனத்தில் தாள்கள் மடலுக்கு எதிரே நிற்கின்றன. ஆகவே மடல்கள் புல்லிகள், அல்லிகள் மறைந்துவிட்டன என்று படிப்பது நியாயமாகவே தோன்றும். சந்தனப் பூவை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்தக் கேள்வி தீராது.

பெரிய புல்லுருவியின் பூவைப் பக்கத்தில் வைத்தால் தீர்கிறது. அதன் நிறமுள்ள நீண்ட குழல் ஐயத்துக்கு இடமில்லாத அல்லி. அதிலும் தாள்கள் ஒவ்வொன்றும் அல்லி மடலுக்கு நேர் எதிரே, அந்த மடலோடு ஒட்டியே நிற்கின்றன. குழலின் அடியில், சூலகத்தின் விளிம்பில், மெல்லிய வளையம் ஒன்று ஓடுகிறது. புல்லி வட்டம் தேய்ந்து மிஞ்சியது அதுதான். இந்தக் கூட்டத்தில் தாள் அல்லிக்கு எதிரே நிற்பதுதான் வழக்கம், தேய்வது புல்லிதான் என்று தெரிந்தபின் சந்தனத்தின் மடல்களையும் அல்லி என்றே படிக்க வேண்டியிருக்கிறது. அதன் புல்லி இன்னும் ஒரு படி தேய்ந்து முழுதும் மறைந்துவிட்டது. பண்புகளைக் கொண்டு உறவைத் தேடுகிறோம். உறவு தெரிந்த பிறகே சில பண்புகளைச் சரியாகப் பெயரிட முடிகிறது. இந்த முன்னும் பின்னுமான நடை வகைப்பாட்டு வேலையில் தவிர்க்க முடியாதது.

ஆனால் சந்தனமும் புல்லுருவியும் ஒரே கூட்டம் என்று முதலில் எதை வைத்துச் சொன்னார்கள்? இங்கே பெந்தமுக்கும் ஹூக்கருக்கும் உரிய மதிப்பைக் கொடுத்தாக வேண்டும். பெரும்பிரிவில் தவறினாலும், அதற்குள் சந்தனக் குடும்பத்தையும் புல்லுருவிக் குடும்பத்தையும் ஒன்றாகக் கட்டியவர்கள் அவர்கள்தான். அவர்கள் பிடித்தது விதை. அவரையை ஊறவைத்தால் உரியும் தோல்தான் விதையுறை. அது சூலைச் சுற்றியுள்ள சூலுறையிலிருந்து உருவாவது. சந்தனத்தின் சூலுக்கு உறையே கிடையாது, அதனால் விதைக்கும் உண்மையான தோல் கிடையாது. நாம் சந்தன விதை என்று கையில் எடுப்பதன் கடினமான ஓடு கனியின் உட்சுவர். புல்லுருவியில் சூல் என்று தனித்துக் காட்டக்கூடிய உறுப்பே உருவாவதில்லை. இதுவும் ஓர் ‘இல்லை’தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் இது மிக அரிய இழப்பு. மேலும் கடல்ராஞ்சியின் உறவுக்காரப் பேரினங்களில் சிலவற்றின் சூலுக்கு உறை இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இழப்பு எந்த இடத்தில் நடந்தது என்று படிகள் தெரிகின்றன. இப்படித் தடம் விட்டுச் செல்லும் இழப்பைச் சான்றாகக் கொள்ளலாம்.

அடுத்த சான்று மண்ணுக்கடியிலிருந்து வந்தது. சந்தனம் பச்சை இலை கொண்ட, பார்வைக்குச் சாதாரணமான மரம். ஆனால் நாற்றங்காலில் தனியே வளர்த்தால் சில மாதங்களில் சோர்ந்துவிடும். அதனால்தான் பையில் பக்கத்திலேயே துவரையை ஊன்றுகிறார்கள். சந்தன வேரிலிருந்து சிறு குமிழ் போன்ற உறிஞ்சு உறுப்புகள் புறப்பட்டுத் துவரை வேரைக் கவ்வி, அதன் மரக்குழாய் வரை ஆப்புபோல இறங்கும். சென்னை மாகாண அரசுத் தாவரவியலாளராக இருந்த பார்பர் 1906-லிருந்து இந்த உறுப்பை அடுக்கடுக்காகச் சீவி நுண்ணோக்கியில் ஆராய்ந்து வெளியிட்டார். பின்னாளில் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சியால் பெயர்பெற்றவரும் இவரே. சந்தனத்தோடு அவர் நிற்கவில்லை. கடல்ராஞ்சியின் வேரையும் தோண்டி எடுத்து அதிலும் உறிஞ்சு உறுப்பைக் காட்டினார். நூலின் இரு கோடிகளில் கிடந்த இரண்டு தாவரங்கள் மண்ணுக்கடியில் ஒரே தொழிலைச் செய்துகொண்டிருந்தன.

ஒட்டுண்ணி வாழ்வை நம்பக் கூடாது என்று மேலே சொல்லிவிட்டு இங்கே அதைச் சாட்சிக்கு அழைக்கலாமா? அழைக்கலாம், ஒரு நிபந்தனையோடு: பிற பண்புகள் வரைந்த பெட்டிக்குள் அது முழுதாக அடங்க வேண்டும். இங்கே அடங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஸ்ட்ராம்போசியா என்ற மரம் இதே பெருங்கூட்டத்தின் வெளி விளிம்பைச் சேர்ந்தது. அது யாரையும் உறிஞ்சுவதில்லை. அந்த விளிம்புக்கு உள்ளே வேரொட்டுண்ணிகள். அவற்றுக்கும் உள்ளே கிளையில் ஏறி உட்கார்ந்த புல்லுருவிகள். கொத்தானும் அம்மையார் கூந்தலும் இந்தப் பெட்டியின் எல்லையைக் குறுக்கே வெட்டின. கடல்ராஞ்சியும் சந்தனமும் வெட்டவில்லை.

1990-களில் மரபணு எழுத்துகளை ஒப்பிடும் முறை வந்தபோது இந்தப் பெட்டி சோதனைக்கு உள்ளாகி, நிலைத்தது. 1998-இல் முதலில் வந்து, 2016-இல் நான்காம் பதிப்பு கண்ட ஏ.பி.ஜி. வகைப்பாட்டில் கடல்ராஞ்சி, புல்லுருவி, விஸ்கம், சந்தனம் நான்கும் சாண்டலேல்ஸ் என்ற ஒரே துறைக்குள் இருக்கின்றன. உள்ளடுக்கை அடைப்புக்குறியில் எழுதினால் இப்படி வரும்: (கடல்ராஞ்சி, (புல்லுருவி, (விஸ்கம், சந்தனம்))).

கடைசி அடைப்புக்குறிதான் பலரை வியக்கவைத்தது. ஒரே மாமரத்தில் பெரிய புல்லுருவியும் விஸ்கமும் இருக்கலாம். விஸ்கத்தின் சில இனங்கள் பெரிய புல்லுருவியின் மேலேயே ஏறி அதை உறிஞ்சுவதும் உண்டு. இரண்டின் கனியிலும் பசை இருக்கிறது. பறவை தின்று எச்சமிட, பசையால் விதை கிளையில் ஒட்டிக்கொள்கிறது. இவ்வளவும் ஒத்திருந்தும் விஸ்கம் அந்தப் புல்லுருவியைவிடச் சந்தனத்துக்கே நெருக்கம். சந்தேகம் இருந்தால் கனியைக் குறுக்கே வெட்டிப் பார்க்கலாம். புல்லுருவியின் கனியில் பசைப்படலம் நரம்புக் கற்றைகளுக்கு வெளிப்புறம் இருக்கிறது, விஸ்கத்தில் உட்புறம். தேவை ஒன்றுதான், கட்டிய இடம் வேறு. தரையிலிருந்து கிளைக்கு ஏறும் வாழ்வு இந்தத் துறைக்குள்ளேயே ஐந்து முறை தனித்தனியாகத் தோன்றியது என்று விடால்-ரஸ்ஸலும் நிக்ரெண்ட்டும் 2008-இல் காட்டினார்கள். ‘புல்லுருவி’ என்பது வாழும் முறைக்குப் பொருத்தமான பெயர். அது ஒரே பரம்பரையின் பெயர் அல்ல.

இதில் எது மாறும், எது மாறாது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். விஸ்கத்தைச் சந்தனக் குடும்பத்துக்குள்ளேயே சேர்ப்பதா, அருகில் தனிக் குடும்பமாக வைப்பதா என்பதில் இன்றும் ஒருமனம் இல்லை. ஏ.பி.ஜி. சேர்க்கிறது, நிக்ரெண்ட் குழு 2010-இல் அந்தப் பெரிய குடும்பத்தைப் பலவாகப் பிரித்தது. அடைப்புக்குறிகள் இரு தரப்புக்கும் ஒன்றே. எந்த அடைப்புக்குறிக்குக் ‘குடும்பம்’ என்று பெயர் சூட்டுவது என்பது ஆய்வாளர்களின் ஒப்பந்தம். அதற்கு அளவுகோல் ஏதும் இயற்கையில் இல்லை.

காட்டில் செடியை அடையாளம் காணப் பயன்படும் திறவுகோல்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் கிடையாது. தமிழகக் கர்னாடிக் பகுதியின் தாவரங்களுக்கு 1980-களில் கே. எம். மேத்யூ எழுதிய நூலில் இருப்பதுபோன்ற திறவுகோல், இலை எதிரெதிரா மாற்றடுக்கா, முள் உண்டா இல்லையா என்று கைக்கு எளிதில் கிடைக்கும் எந்தப் பண்பையும் எடுத்துக்கொள்ளும். பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. இந்தியாவின் பல உலர்தாவரக் காப்பகங்கள் பெந்தம்–ஹூக்கர் வரிசையிலேயே இன்னும் அடுக்கப்பட்டிருப்பதற்கும் இதுதான் காரணம்: லட்சக்கணக்கான தாள்களை ஒவ்வொரு புதிய வகைப்பாட்டுக்கும் இடம் மாற்ற முடியாது, தேடுபவருக்குத் தாள் கிடைத்தால் போதும். அந்தக் காப்பகங்களில் கடல்ராஞ்சி முதல் பகுதி அலமாரிகளிலும், சந்தனம் மூன்றாம் பகுதி அலமாரிகளிலும் இருக்கின்றன. விஸ்கத்தின் தாள்கள் புல்லுருவியின் தாள்களுக்கு நடுவே கிடக்கின்றன, சந்தனம் அதற்கடுத்த குடும்பத்தில்.